உல்கோர் என்னும் பெயர்

(நம் பங்கின் கூட்டுறவுச் சேமிப்புச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் சங்கத்திற்கு அதைத் தொடங்க உதவிய குருவானவரின் பெயரை வைக்க வேண்டும் என்று சிலர் எழுதிக் கொடுத்துள்ளனர். நம் பெரியவர்களோ வெறும் ஊர்ப் பெயரை மட்டுமே வைத்துவிட்டுப் போனார்கள். இன்று மாலைப் பொதுக்குழுவில் இது வாக்கெடுப்புக்கு வருகிறது. அதற்கு முன், வேறொரு நாட்டில் ஒரு கூட்டுறவுக்குப் பெயர் வைத்த விதத்தைச் சொல்ல விரும்புகிறோம். அங்கும் ஒரு குருவானவரே அதற்குக் காரணமாயிருந்தார்.

ஸ்பெயின் நாட்டின் வடக்கே, பாஸ்க் மக்கள் வாழும் மலைப் பகுதியில் மொந்திராகோன் என்று ஒரு சிற்றூர். உள்நாட்டுப் போர் முடிந்து, வறுமையும் கசப்பும் மண்டிக் கிடந்த காலம். 1941-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஹோசே மரியா அரிஸ்மெந்தியரியேத்தா என்ற இளம் குரு அங்கே உதவிப் பங்குக் குருவாக வந்தார். சிறு வயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். பிரசங்கத்தில் பெயர் எடுத்தவரும் அல்லர். 1943-இல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு தொழிற்பள்ளியைத் திறந்தார். அதற்குப் பணம் திரட்ட, உதவ விரும்புவோர் எழுதிப் போடும்படி தெரு முனைகளில் பெட்டிகள் வைத்தார்களாம். நம் அன்பியக் கூட்டங்களில் கூட்டம் சேர்ப்பதற்கே நாம் படும் பாடு நமக்குத் தெரியும்!

அப்பள்ளியில் படித்த சிலர் ஊரிலிருந்த பெரிய ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே சரகோசா நகரில் பொறியியல் தேர்வு எழுதித் தேறினர். ஆலையின் முதலில் தொழிலாளர்க்கும் பங்கு வேண்டுமென்று நிர்வாகத்திடம் கேட்டனர், அது நடக்கவில்லை. அவர்களில் ஐவர் தனியே தொழில் தொடங்கத் துணிந்தார்கள். ஊராரிடம் கடன் கேட்டார்கள். என்ன பொருள் செய்யப் போகிறோம் என்பதே முடிவாகாத நிலையில் ஊரார் பணம் கொடுத்தார்கள். ஆட்களை நம்பிக் கொடுத்த பணம் அது. அன்றைய அரசாங்கத்தில் புதுத் தொழிலுக்கு உரிமம் பெறுவது எளிதல்ல. ஆகவே விட்டோரியா நகரில் நொடித்துப்போன ஒரு பட்டறையை அதன் உரிமத்தோடு 1955-இல் வாங்கி, 1956-இல் தங்கள் ஊருக்கே கொண்டு வந்தார்கள். மண்ணெண்ணெய் அடுப்பு அவர்களது முதல் சரக்குகளில் ஒன்று.

பட்டறைக்கு என்ன பெயர் வைப்பது? புனிதர் பெயரோ, குருவின் பெயரோ, கொள்கை முழக்கமோ அவர்கள் வைக்கவில்லை. உசத்தோரேயின் 'உ', லர்ராஞாகாவின் 'ல்', கொர்ரோஞோகோயித்தியாவின் 'க்', ஓர்மாயெச்சேயா, ஓர்த்துபாய் இருவர்க்கும் பொதுவான 'ஓர்'. சேர்த்துச் சொன்னால் உல்கோர். நம் கடைத்தெருவில் அண்ணன் தம்பிகள் பெயர்களின் முதலெழுத்தைக் கோத்துப் பலகை மாட்டுவதில்லையா, அது போலத்தான்.

ஊரார் கடன் கொடுத்தது இந்த ஐவரை நம்பி. யாரிடம் கேட்பது என்பது பலகையிலேயே இருந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் பெயரில் இருந்ததால் அவர்கள் முதலாளிகள் ஆகிவிடவில்லை. கூட்டுறவுச் சட்டதிட்டங்கள் வகுக்கப்பட்டபோது, பெயருக்கு எழுத்துக் கொடுத்தவருக்கும் புதிதாகச் சேர்ந்தவருக்கும் ஒரே ஒரு வாக்குதான். மேலானவர் சம்பளம் கீழானவர் சம்பளத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் போகக்கூடாது என்பதும் தொடக்க கால விதி.

குருவின் பெயர் மட்டும் அதில் இல்லை. அவர் உல்கோரில் பதவி எதுவும் வகிக்கவில்லை. 1959-இல் தொழிலாளர் சேமிப்பு வங்கி ஒன்று உருவாகத் தூண்டியவரும் அவரே. 1976-இல் இறக்கும்வரை அந்தப் பங்கில் உதவிக் குருவாகவே இருந்தார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவிக்க அனுமதி அளித்தார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பிற்காலத்தில் உல்கோர் என்ற பெயர் பின்னுக்குப் போய், 'ஃபாகோர்' என்ற வணிகப் பெயரே நிலைத்தது. வீட்டுச் சாதனங்கள் செய்த அந்த நிறுவனம் 2013-இல் கடன் சுமையால் விழுந்தது. வேலை இழந்தவர்களில் பலரை மற்றக் கூட்டுறவுகள் எடுத்துக்கொண்டன. ஆனாலும், தங்கள் சேமிப்பை அதில் போட்டிருந்த பலருக்குப் பெரும் நஷ்டம். நல்ல பெயர் கணக்குப் புத்தகத்தைக் காப்பாற்றாது.

எங்கள் குழுவிலேயே இருவர் குருவானவர் பெயருக்கு ஆதரவு, மூவர் ஊர்ப் பெயரே போதும் என்கிறோம். அவர் உயிரோடிருந்தால் எதைச் சொல்லியிருப்பார் என்று அவரோடு பழகிய பெரியவர்கள் பொதுக்குழுவில் எழுந்து சொல்ல வேண்டுகிறோம். தேநீருக்குப் பின் ஐந்து மணிக்கு, பள்ளிக் கூடத்தில். பாஸ் புத்தகம் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு.