திரும்பியவர் யார்?

தாளில் கீழிருந்து மேலாக ஒரு நேர்கோடு கீறுங்கள். மேலே போகப் போகக் காலம், பக்கவாட்டில் தூரம். இந்தக் கோடு, இரட்டையரில் நல்லூரில் வீட்டோடு இருக்கும் தம்பி.

அண்ணன் ஒளிவேகத்தில் ஐந்தில் மூன்று பங்கு வேகத்தில் விண்வெளிக்குப் போய், அதே வேகத்தில் வருகிறார். அவர் கோடு சாய்ந்து போய், மடங்கி, தம்பியிடம் சேரும். தம்பிக்கு 10 வருடம் போயிருக்கும். அண்ணனுக்கு 8 தான்.

அண்ணனின் பார்வையில் தம்பிதானே ஓடினார்? அப்போ தம்பியல்லவா இளமையாக இருக்க வேண்டும்?

கோட்டைப் பாருங்கள். மடங்கியது அண்ணனின் கோடு. பருத்தித்துறை போகும் பஸ்ஸில் இருந்து இறங்கி, யாழ்ப்பாணம் வரும் பஸ்ஸில் ஏறியது போல, சட்டகம் மாறியவர் அவர்தான். தம்பி மாறவே இல்லை.

தாளில் மடங்கிய கோடு நீளம். ஆனால் கடிகாரத்தில் அதற்கே காலம் குறைவு. திரும்பியவர் யார் என்று கேளுங்கள், அவரே இளையவர்.