அப்பாயிக்கு ஒரு காணொலி

(குறுவள மையக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் அப்பாயிக்காக எடுத்த காணொலி பற்றிப் பேசப்போகிறேன்.

அப்பாயிக்கு ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்திருந்தது. இரண்டு சொட்டு மருந்துகள். காலையிலும் இரவிலும் வீட்டில் ஆள் உண்டு, மதியம் இல்லை. அப்பாயி ஐந்தாம் வகுப்புவரை படித்தவர், எழுத்துக் கூட்டி வாசிப்பார். கையில் இருப்பது மகன் கொடுத்த பழைய பட்டன் போன். அதில் மெமரி கார்டு உண்டு, இணையம் கிடையாது.

மாணவி முதலில் எடுத்தது ஒன்றரை நிமிடப் படம். எங்கள் கணினித் திரையில் அழகாகத்தான் இருந்தது. அந்த போனின் திரையை அளவுகோல் வைத்து அளந்தோம்: அகலம் 5 செ.மீ.கூட இல்லை, உயரம் 3.7 செ.மீ. அதில் எழுத்தெல்லாம் எறும்பு வரிசை. புள்ளி எது, சுழி எது என்று எனக்கே தெரியவில்லை. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்ததால் இருபுறமும் கறுப்புப் பட்டை வேறு. படத்துக்குக் கிடைத்தது இரண்டு விரல் அகலம்தான்.

எழுத்தைப் பெரிதாக்கினாள். அங்கேதான் நாங்கள் எதிர்பார்க்காத சிக்கல் வந்தது. ‘கண்ணைத் தேய்க்கக் கூடாது’ என்ற வரி ஒரே அட்டையில் அடங்கவில்லை. ‘கண்ணைத் தேய்க்க’ ஓர் அட்டையிலும் ‘கூடாது’ அடுத்த அட்டையிலும் போய்விட்டன. ஒவ்வொன்றும் 3 விநாடி. அப்பாயி முதல் அட்டையைக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் இரண்டாவது போய்விட்டது. “கண்ணைத் தேய்க்கச் சொல்லுதா பாப்பா?” என்று கேட்டிருக்கிறார். அறுவை முடிந்த கண்!

தமிழில் மறுப்பு கடைசியில் வருகிறது. வாக்கியத்தை உடைத்தால் முதல் பாதி நேர் எதிர்ப்பொருள் தரும். ஆகவே மறுப்பைத் தனியே நிற்காத சொல்லாக மாற்றினோம். மேல் வரியில் ‘கண்ணை’, கீழ் வரியில் ‘தேய்க்காதீங்க’. மருந்துக் குப்பியின் நுனி கண்ணிலோ இமையிலோ படக்கூடாது என்பதற்கு ‘நுனி’, ‘படாம விடுங்க’. ஓர் அட்டைக்கு இரண்டு வரி, ஒரே அட்டையில் முழுப்பொருள். எழுத்தின் உயரம் திரையில் 5 மில்லிமீட்டர். கறுப்புப் பின்னணியில் தடித்த மஞ்சள் எழுத்து. இலக்கணப் பாடத்தில் எதிர்மறை வினைமுற்றை நான் இவ்வளவு ஆர்வமாக ஒருபோதும் நடத்தியதில்லை.

அட்டை எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? அப்பாயியையே வாசிக்கச் சொல்லி எண்ணினாள். இரண்டு சொல்லுக்கு 6 விநாடி ஆனது. அட்டைக்கு 10 விநாடி கொடுத்தோம். ‘மெதுவாக’ என்றதும் ஒரு மாணவன் செயலியில் முழுப்படத்தையும் பாதி வேகமாக்கிவிட்டான். குரல் பேய்ப்படம் போல இழுத்தது. அதை விட்டுவிட்டு, வழக்கமான குரலில் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசி, இடையில் மௌனம் விட்டோம். கை அசைவதற்கு முன் 5 விநாடி, அசைந்த பின் 5 விநாடி காட்சி அப்படியே நிற்கும். பின்னணி இசை வேண்டாம். அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் இசை குரலை விழுங்கிவிடும்.

இரண்டு மருந்துக்கும் நடுவே 5 நிமிட இடைவெளி வேண்டும். ஒரே படமாக இருந்தால் நிறுத்தி மறுபடி ஓட்டத் தெரிய வேண்டும். அதனால் இரண்டு தனிப்படங்கள். தமிழில் பெயரிட்டால் அந்த போனில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. 1, 2 என்றே பெயர் வைத்தோம். மருத்துவர் எழுதித் தந்த வரிசைப்படி, வீட்டில் இருக்கும் அதே குப்பிகளைத்தான் காட்டினோம். பெயரை வாசிக்க முடியாவிட்டாலும் மூடியின் நிறம் அந்தச் சின்னத் திரையிலும் தெரியும்.

செயலியிலிருந்து எடுத்த கோப்பை அந்த போன் திறக்கவில்லை. ஆய்வகக் கணினியில் VLC-யின் Convert / Save வழியாக அகலம் 320, உயரம் 240 என்று குறைத்தோம். அப்போதும் ஒலி மட்டும் வந்தது, படம் வரவில்லை. காணொலி வகையை H-264 என்பதிலிருந்து MPEG-4 என்று மாற்றிய பிறகே ஓடியது. 320-க்கு 240 என்பதால் படத்தையும் தொடக்கத்திலேயே 4:3 விகிதத்தில், போனைப் படுக்கவைத்து எடுத்துவிடுங்கள். பின்னால் வெட்டினால் கையோ குப்பியோ போய்விடும்.

கடைசிச் சோதனை வகுப்பறையில் அல்ல, அப்பாயி உட்காரும் திண்ணையில், மதிய வெளிச்சத்தில். முழுவதும் பார்த்துவிட்டு, “மூடியைக் கழட்டி எங்க வைக்கிறதுன்னு காட்டலையே?” என்றாராம். உண்மைதான். மூடியைச் சுத்தமான துணியில் மல்லாக்க வைக்கும் காட்சியை மறுநாள் எடுத்துச் சேர்த்தோம்.