பாதியில் நின்ற பூக்கணக்கு



மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்திலிருந்து மல்லிகை வருகிறது. விடியும் முன்பே மொட்டாகப் பறித்து மூட்டை கட்டி அனுப்பிவிடுகிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி அது. பூவைப் போட்டதும் கமிஷன் கடையில் ஒரு துண்டுச் சீட்டு தருவார்கள். எத்தனை கிலோ, என்ன விலை, கமிஷன் எவ்வளவு, முன்பணத்தில் எவ்வளவு பிடித்தார்கள், கையில் கொடுத்தது எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். முகூர்த்த நாளில் ஒரு விலை, மறுநாள் ஒரு விலை என்பதால் சீட்டைப் பார்க்காமல் மாத வருமானத்தைச் சொல்ல முடியாது.

இந்தச் சீட்டுக் கட்டை எடுத்து, செல்போனில் சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகளின் துணையோடு மாதக் கணக்காக்கும் பிள்ளைகள் இப்போது பல வீடுகளில் இருக்கிறார்கள். இன்று நான் பேச வந்தது அந்த வேலை பாதியில் நின்றுபோனால் அதை எப்படித் திரும்பத் தொடங்குவது என்பதைப் பற்றி.

ஒரு வீட்டை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ஜனவரி முதல் ஜூன் வரை சீட்டுகள் இருக்கின்றன. மகள் ஏப்ரல் வரை முடித்துவிட்டாள். பிறகு பரீட்சை வந்துவிட்டது. மூன்று வாரம் கழித்துப் புதிய உரையாடலைத் திறந்து, "மே மாதத்தைத் தொடரலாம்" என்று எழுதுகிறாள். எந்த விதிப்படி ஏப்ரல் வரை கணக்குப் போட்டார்கள் என்பது அந்தப் புதிய உரையாடலுக்குத் தெரியாது. சில செயலிகளில் பழைய பேச்சை நினைவில் வைக்கும் வசதி உண்டு. ஆனால் அதில் பெரும்பாலும் சாரம்தான் தங்கும். எந்தத் தேதிச் சீட்டில் என்ன தொகை என்பது தங்கும் என்று நம்பி இருக்கக் கூடாது. பழைய உரையாடலையே திறந்து தொடர்ந்தாலும், அது மிக நீண்டுவிட்டால் தொடக்கத்தில் சொன்னவை கவனத்திலிருந்து நழுவும். தெரியாத இடத்தைச் செயலி பெரும்பாலும் காலியாக விடுவதும் இல்லை. பொருத்தமாகத் தோன்றும் ஒரு விதியைத் தானே எடுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிடும். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும்.

அந்த ஆபத்து எத்தனை ரூபாய் என்று ஒரே ஒரு மாதத்தில் பார்த்துவிடலாம். ஏப்ரலில் 200 கிலோ பூ, மொத்த விற்பனை 80,000 ரூபாய். கமிஷன் நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம், 8,000. மீதி 72,000. அதில் முன்பணத்துக்காகக் கடைக்காரர் பிடித்தது 10,000. கையில் வந்தது 62,000. இதையே முன்பணத்தை முதலில் கழித்துவிட்டுப் பிறகு கமிஷன் போட்டால் 70,000க்கு 7,000தான் கமிஷன். கையில் 63,000 வந்ததாகக் காட்டும். ஆயிரம் ரூபாய் பிசகு. இன்னொரு பிசகு இதைவிட மோசம். கையில் வந்த 62,000தான் ஏப்ரல் வருமானம் என்று எழுதிவிட்டால், கடனை அடைத்த 10,000 வருமானத்திலிருந்தே காணாமல் போகும். உண்மையான வருமானம் 72,000.

ஆகவே வேலையை நிறுத்தும் நாளிலேயே நான்கு பகுதி கொண்ட ஒரு குறிப்பை எழுதி வைக்க வேண்டும். பங்கு, பின்னணி, கடைசி முடிவு, அடுத்த வேலை. கணக்கு நோட்டில் பக்கம் முடியும்போது அடியில் உள்ள தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதுகிறோம் அல்லவா, அந்தப் பழக்கம்தான் இது. அந்த வீட்டுக் குறிப்பை அப்படியே வாசிக்கிறேன்.

"பங்கு: பூ கமிஷன் கடைச் சீட்டுகளைக் கூட்டிச் சரிபார்க்கும் கணக்குப்பிள்ளை. சீட்டில் இல்லாத தொகையை ஊகித்து எழுதக் கூடாது.

பின்னணி: மொத்த விற்பனையில் நூற்றுக்குப் பத்து கமிஷன். கமிஷனை முதலில் கழிக்க வேண்டும். முன்பணப் பிடித்தம் அதற்குப் பிறகு, அது செலவு அல்ல, கடன் அடைப்பு. மார்ச்சில் வாங்கிய முன்பணம் 40,000. மார்ச் 27ஆம் தேதிச் சீட்டில் விலை அழிந்திருக்கிறது. கடையில் கேட்கும் வரை அந்த இடம் காலியாக இருக்கட்டும்.

கடைசி முடிவு: ஏப்ரல், 200 கிலோ, விற்பனை 80,000, கமிஷன் 8,000, வருமானம் 72,000, பிடித்தம் 10,000, கையில் 62,000. முன்பண பாக்கி 30,000.

அடுத்த வேலை: மே 1 முதல் 15 வரையுள்ள சீட்டுகள் மட்டும். முடித்ததும் நிறுத்த வேண்டும்."

இதில் பலரும் மெனக்கெட்டு எழுதுவது பங்கு என்ற முதல் பகுதியைத்தான். என் கருத்தில் அதற்கு இரண்டு வரி போதும். உலகின் தலைசிறந்த கணக்காளர் என்று அடைமொழி கொடுப்பதால் கமிஷன் விதி தெரிந்துவிடாது. குறிப்பின் உயிர் பின்னணியில் இருக்கிறது. அதிலும் இன்னும் முடிவாகாதவற்றைத் தனியாகச் சொல்வதில் இருக்கிறது. மார்ச் 27ஆம் தேதிச் சீட்டைப் பற்றிய அந்த வரி இல்லையென்றால், அக்கம்பக்கத்து நாட்களின் விலையைப் பார்த்து ஒரு எண் அங்கே வந்து உட்கார்ந்துவிடக்கூடும். இரண்டு மாதம் கழித்து அது சீட்டில் இருந்த எண்ணா, இட்டு நிரப்பிய எண்ணா என்று பிரித்துச் சொல்ல வீட்டில் யாராலும் முடியாது.

கடைசி முடிவு என்ற பகுதியில் "ஏப்ரல் முடிந்தது" என்று எழுதி வைத்துப் பயனில்லை. தொகைகளையே எடுத்து ஒட்ட வேண்டும். காரணம், திரும்பத் தொடங்கும்போது சோதனைக்கு உதவுவது அதுதான். மே மாதத்துக்குப் போகும் முன், ஏப்ரலின் மொத்த விற்பனையையும் பிடித்தத்தையும் மட்டும் கொடுத்து, பின்னணியில் சொன்ன விதிப்படி மறுபடி போட வையுங்கள். கடைசி முடிவை அப்போது காட்டாதீர்கள், காட்டினால் பார்த்து எழுதியதாகிவிடும். 62,000 வந்தால் விதி சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. 63,000 வந்தால் எங்கே பிசகியது என்பது உடனே தெரிந்துவிடும். பிறகுதான் முழுக் குறிப்பையும் கொடுத்து மே மாதத்தைத் தொடங்க வேண்டும்.

அடுத்த வேலையை ஒன்றாகவும் சின்னதாகவும் வையுங்கள். மே, ஜூன் இரண்டையும் முடித்து, ஆறு மாத ஒப்பீடும் வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னால், பிழை எந்த இடத்தில் நுழைந்தது என்று பிறகு தேட வேண்டியிருக்கும். பதினைந்து நாள் சீட்டு என்றால் கூட்டுத்தொகையைக் கால்குலேட்டரில் நீங்களே ஒருமுறை தட்டிப் பார்த்துவிடலாம். அதைக் கட்டாயம் செய்யுங்கள், ஏனென்றால் நீண்ட கூட்டலில் இந்தச் செயலிகள் தவறுவது உண்டு.

குறிப்பைச் செயலியையே சுருக்கி எழுத வைக்கலாமா என்று கேட்பீர்கள். எழுத வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு வரியையும் சீட்டுக் கட்டோடு ஒப்பிட்ட பிறகே சேமிக்க வேண்டும். சுருக்கும்போது முதலில் உதிர்வது நிபந்தனைகளும் சந்தேகங்களும்தான். கடைக்காரர் பெயர், போன் நம்பர், வங்கிக் கணக்கு எண் எதுவும் குறிப்பில் வேண்டாம். "கடை ஒன்று" என்று எழுதினால் கணக்குக்கு அது போதும்.

குறிப்பின் தலையில் தேதி போடுங்கள். புதிய குறிப்பு எழுதியதும் பழையதை அழிக்காமல் தனியாக வையுங்கள், ஆனால் செயலிக்குக் கொடுப்பது கடைசித் தேதியிட்டது ஒன்றாக மட்டும் இருக்கட்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் 40,000 பாக்கியா, 30,000 பாக்கியா என்ற குழப்பம் வந்துவிடும். சீட்டுக் கட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடைக்காரரிடம் பாக்கியைப் பேசித் தீர்க்கப் போகும்போது செல்லுபடியாவது அவர் கையால் எழுதித் தந்த அந்தச் சீட்டுதான்.