முதல் ஐந்து ஆண்டுகளின் பணம்



கூட்டு வட்டியைப் பள்ளியிலேயே படித்துவிட்டீர்கள். அசல், வட்டி வீதம், காலம் மூன்றையும் சூத்திரத்தில் போட்டு விடை எழுதியிருப்பீர்கள். அந்தக் கணக்கு உங்கள் வாழ்க்கைக்குள் முதன்முதலில் நுழையப்போகும் இடத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பெரும்பாலோருக்கு அது பங்குச் சந்தையாகவோ வங்கி வைப்பாகவோ இருக்காது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருக்காலையிலோ, தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையிலோ, திருவள்ளூர்ப் பக்கம் ஓர் உதிரிபாகப் பட்டறையிலோ வேலைக்குச் சேர்ந்த முதல் மாதச் சம்பளச் சீட்டில் ‘பி.எஃப்.’ என்று ஒரு பிடித்தம் இருக்கும். தொழிலாளர் வருங்கால வைப்புநிதி, 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்டது. நீங்கள் யோசித்து முடிவெடுக்காமலே தொடங்கிவிடும் முதல் முதலீடு அது. சீக்கிரம் தொடங்குங்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, சட்டமே தொடங்கிவைத்துவிடுகிறது. தொடங்கியதை 25, 26 வயதில் நாமே கலைத்துவிடுகிறோமே, அதைப் பற்றியே என் பேச்சு.

முதலில் பிடித்தம் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்று வையுங்கள். அதில் 12 விழுக்காடு, அதாவது 1,800 ரூபாய், உங்கள் பங்காகப் பிடிக்கப்படும். நிறுவனமும் அதே 1,800 ரூபாயைக் கட்ட வேண்டும். ஆனால் அதில் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும், மீதி 550 ரூபாய்தான் உங்கள் வைப்புநிதியில் சேரும். ஆக மாதம் 2,350 ரூபாய். 2023-24, 2024-25 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் அறிவித்த வட்டி 8.25 விழுக்காடு. மாதாந்திர இருப்பின் மேல் வட்டியைக் கணக்கிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை இருப்போடு சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்ந்த வட்டிக்கு அடுத்த ஆண்டிலிருந்து வட்டி உண்டு. கூட்டு வட்டி என்பது இவ்வளவுதான்.

ஒருவர் 22 வயதில் சேர்கிறார். ஐந்து ஆண்டுகள் கட்டிய தொகை 1,41,000 ரூபாய். வட்டியோடு சேர்த்து 27ஆம் வயதில் இருப்பு ஏறத்தாழ 1,72,500 ரூபாய். ஐந்து ஆண்டு உழைப்புக்கு வட்டி வெறும் 31,500 ரூபாய்தானா என்றுதான் தோன்றும். அந்த நேரம் பார்த்து வேலை மாறுகிறது. பைக் வாங்க வேண்டியிருக்கிறது, வீட்டில் ஒரு கல்யாணம் வருகிறது. ப்ரௌசிங் சென்டரில் உட்கார்ந்து படிவம் 19ஐ நிரப்பினால் பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். இப்போது அந்தப் பணத்தைத் தொடாமல், அதில் மேற்கொண்டு ஒரு ரூபாயும் கட்டாமல் விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வட்டி வீதம் இதேபோல் இருந்தால் 36 வயதில் அது மூன்றரை லட்சம். 45 வயதில் ஏழு லட்சத்துக்குச் சற்று மேல். 54 வயதில் பதினான்கரை லட்சம். 58 வயதில் இருபது லட்சம். கடைசி நான்கு ஆண்டுகளில் மட்டும் ஐந்தரை லட்சம் கூடுகிறது. முதல் ஐந்து ஆண்டுகளில் 31,500 ரூபாய் வட்டி தந்த அதே வீதம்தான் இதையும் தருகிறது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை தொகை இரட்டிக்கிறது, கடைசி இரட்டிப்புத்தான் எல்லாவற்றிலும் பெரியது. 27 வயதில் பணத்தை எடுப்பவர் கைவிடுவது அந்தக் கடைசி இரட்டிப்பை. அது அவர் கண்ணில் படுவதில்லை, 1,72,500 ரூபாய் மட்டும் படுகிறது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். அவர் 22 முதல் 58 வரை 36 ஆண்டுகள் இதே 2,350 ரூபாயைக் கட்டினால், முடிவில் ஏறத்தாழ 58 லட்சம் சேரும். அதில் முதல் ஐந்து ஆண்டுகளின் பணம் தருவது இருபது லட்சம், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கடைசி ஐந்து ஆண்டுகளில் கட்டுவதும் அதே 1,41,000தான், ஆனால் அது 1,72,500 ரூபாயோடு நின்றுவிடும். தொகை ஒன்று, வட்டி வீதம் ஒன்று. பணத்துக்குக் கிடைத்த காலம் மட்டுமே வேறு.

கணிதம் படிக்கும் மாணவர் ஒருவர் இங்கே மறுப்புச் சொல்லலாம், அது நியாயமான மறுப்பு. 36 ஆண்டுகளும் ஒரே சம்பளமா? இருபது லட்சத்துக்கு அன்று என்ன மதிப்பு இருக்கும்? விலைவாசி ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு ஏறுவதாக வைத்தால், அந்த இருபது லட்சம் இன்றைய விலையில் மூன்றரை லட்சத்துக்குத்தான் சமம். மேடைகளில் கோடிக்கணக்கில் கூட்டு வட்டி பேசுபவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. சம்பளம் ஏறுவதையும் சேர்ப்போம். ஆண்டுக்கு ஆறு விழுக்காடு சம்பளம் உயர்ந்து, அதற்கேற்பப் பிடித்தமும் உயர்ந்தால், முதல் ஐந்து ஆண்டுகளின் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து நூற்றுக்குப் பத்தொன்பதாக இறங்கிவிடுகிறது. ஆனால் அந்தக் கணக்கில், 36 ஆண்டுகளில் கட்டும் மொத்தப் பணத்தில் முதல் ஐந்து ஆண்டுகள் கட்டியது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. ஐந்துக்கும் குறைந்த பங்கு, முடிவில் பத்தொன்பது பங்காக நிற்கிறது. விலைவாசியையும் சம்பள உயர்வையும் கழித்த பிறகும் தொடக்க காலப் பணத்துக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு எடை இருக்கிறது. நான் நம்பச் சொல்வது அந்த எடையை. இருபது லட்சம் என்ற எண் மாறக்கூடியது.

வட்டி வீதமும் உறுதியானதல்ல. 1990களில் பெரும்பகுதி 12 விழுக்காடாக இருந்தது, 2021-22இல் 8.1 வரை இறங்கியது. அப்படியானால் பங்குச் சந்தையில் போடலாமே என்பது அடுத்த கேள்வி. நீண்ட காலத்துக்கு அது கூடுதலாகத் தரலாம், தராமலும் போகலாம். 2008இல் சென்செக்ஸ் ஜனவரி உச்சத்திலிருந்து அக்டோபருக்குள் பாதிக்கும் கீழே விழுந்தது. அன்று பணம் தேவைப்பட்டவர் நட்டத்தில் விற்க வேண்டியிருந்தது. வைப்புநிதியைத் தொடாமல் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் மிஞ்சுவதைப் பரஸ்பர நிதியில் மாதந்தோறும் போடுவதில் எனக்கு மறுப்பில்லை. வைப்புநிதியை எடுத்து அங்கே போடுவதில்தான் மறுப்பு. நிறுவனம் தரும் 550 ரூபாய் வேறெங்கும் கிடைக்காது.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு வீட்டிலிருந்து வருகிறது. கடன் கழுத்தை நெரிக்கும்போது 58ஆம் வயதைப் பற்றிப் பேசுவது யாருக்காக? இதற்கு நேரான பதில் சொல்ல வேண்டும். மூன்று வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்க்கு, வாங்கிய ஒரு லட்சம் ஆண்டுக்கு 36,000 ரூபாயைத் தின்கிறது. வைப்புநிதியில் உள்ள ஒரு லட்சம் ஆண்டுக்குத் தருவது 8,250 ரூபாய். அந்த வீட்டில் பணத்தை எடுத்துக் கடனை அடைப்பதுதான் சரியான கணக்கு. கட்டாத வட்டியை அசலோடு சேர்த்துப் புதுப் பத்திரம் எழுதினால் அதுவும் கூட்டு வட்டிதான், நமக்கு எதிராக நான்கு மடங்கு வேகத்தில் ஓடுவது. நோய்க்கும் இது பொருந்தும். அதற்கென்றே கணக்கை மூடாமல் முன்பணம் எடுக்க விதி இருக்கிறது. ஆனால் இப்பகுதி இளைஞர்கள் பணத்தை எடுப்பதற்குக் கடன் மட்டும் காரணமல்ல. காண்ட்ராக்டர் மாறியதும் பழைய கணக்கை முடிப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தால் முழுத் தொகையையும் எடுக்கலாம் என்பது நீண்டகாலமாக இருந்துவந்த விதி. 2025 அக்டோபரில் வைப்புநிதியின் மத்திய அறங்காவலர் குழு அந்தக் காலத்தைப் பன்னிரண்டு மாதமாக்கவும், கால் பங்கு இருப்பைக் கணக்கில் நிறுத்தவும் முடிவெடுத்தது. அப்போதும் முக்கால் பங்கை எடுத்துவிட வழி உண்டு. ஐந்து ஆண்டுச் சேவை முடியுமுன் எடுத்தால் அந்தத் தொகை வருமான வரிக்கு உட்படும். படிவம் 10சி கொடுத்து ஓய்வூதியப் பங்கையும் எடுத்தால், மாத ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்து ஆண்டுச் சேவையை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

பணத்தை எடுக்காமலே கணக்கு அறுந்துபோவதும் உண்டு. ஒப்பந்தத் தொழிலில் இது அடிக்கடி நடக்கிறது. சம்பளத்தில் பிடித்த பணத்தைக் காண்ட்ராக்டர் கட்டாமல் விட்டிருப்பார். ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பது விதி. எனவே உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று எண்கள் இருக்கும். நமது எடுத்துக்காட்டில் 1,800, 550, 1,250. ஒரு மாதம் விடுபட்டிருந்தால் உடனே தெரியும், அந்த மாதச் சம்பளச் சீட்டு கையில் இருந்தால் வைப்புநிதி அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். அப்ரென்டிஸ் சட்டத்தின்கீழ் பயிற்சிக்குச் சேர்பவர்களுக்கு இந்தப் பிடித்தமே கிடையாது. அந்த ஓரிரு ஆண்டுகளில் அஞ்சலகத்தில் பி.பி.எஃப். கணக்கு தொடங்கலாம், ஆண்டுக்கு 500 ரூபாய் போட்டாலே அது உயிரோடிருக்கும்.

இரண்டாவது வேலையில் சேரும் நாளன்று உங்களிடம் தரும் காகிதக் கட்டில் படிவம் 11 என்று ஒன்று இருக்கும். முன்பு வைப்புநிதி உறுப்பினராக இருந்தீர்களா என்று அதில் கேட்பார்கள். அவசரத்தில் ‘இல்லை’ என்று குறித்தால் புதிதாக ஒரு யு.ஏ.என். எண் உருவாகிவிடலாம், பழைய பணம் வேறொரு கணக்கில் தனியாகக் கிடக்கும். ‘ஆம்’ என்று குறித்துப் பழைய எண்ணை எழுதுங்கள். ஆதாரில் உள்ள பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் வைப்புநிதிப் பதிவோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று அன்றே பாருங்கள். இருப்பு மாற்றம் பல நேரம் தடைபடுவது இவை ஒத்துப்போகாததால்தான். பழைய காண்ட்ராக்டர் நீங்கள் விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், கடைசித் தொகை கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, வைப்புநிதி இணையதளத்தில் உங்கள் கணக்கிலிருந்து நீங்களே அதைப் பதியலாம். அதன் பிறகு பழைய இருப்பைப் புதிய கணக்குக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம், அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.