கடைசிச் சீர்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)

எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் இடையே உள்ள தொலைவு என்பது இன்றைய உரையின் பொருள். கருத்துகளை அடுக்கிச் சொல்வதினும் கதையாகச் சொல்வது கவிஞர் பலர் கூடியுள்ள இவ்வவைக்கு ஏற்றது என்பதால், ஒரு சிறுகதையே இங்கு உரையாகிறது.

திருவாரூரில் 32 ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி, 2018-இல் ஓய்வு பெற்றவர் தேவகி. யாப்பில் தோய்ந்தவர். கற்றது தம்மோடு முடிந்துவிடலாகாது என்னும் கவலை அவருக்கு இருந்தது. சென்னையில் கணினித் துறையில் பணிபுரியும் அண்ணன் மகள் கயல்விழி, 2019 பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது அத்தைக்கென ஒரு வலைப்பூவைத் தொடங்கிக் கொடுத்தாள். 'செப்பலோசை' என்று அதற்குப் பெயர் சூட்டினார் தேவகி. முதற் கட்டுரையின் தலைப்பு, 'வெண்பா என்னும் தெய்விகத் திருநடனம்'.

எழுதுவதைவிட எண்ணுவதில் அவருடைய நாட்கள் கழியத் தொடங்கின. வலைப்பூவின் உள்ளே வருகைக் கணக்கைக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. விடியலில் ஒரு முறை, உலை வைத்தபின் ஒரு முறை, உறங்கப் போகுமுன் ஒரு முறை என அதைத் திறந்து பார்ப்பார். முதல் வார முடிவில் கணக்கு 41 என்று காட்டியது. அன்று மாலையே கயல்விழியைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அத்தை, ஒன்று சொன்னால் வருந்தமாட்டீர்களே? அந்த 41-இல் பெரும்பகுதி நீங்கள்தான்."

"என்னம்மா சொல்கிறாய்?"

"நீங்கள் உங்கள் கட்டுரையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதுவும் ஒரு வருகையாகப் பதிவாகிறது. என் வருகையைக் கணக்கிடாதே என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைக் கணினியிலும் கைப்பேசியிலும் தனித்தனியே செய்ய வேண்டும்."

செய்தார். மறுநாள் கணக்கு 3 ஆயிற்று. வகுப்பறையில் நாற்பது முகங்களைப் பார்த்துப் பழகியவருக்கு அந்த 3 பெரும் வெறுமையாக இருந்தது.

மாசியில் ஓர் இரவு 312 பேர் வந்ததாகக் கணக்குக் காட்டியது. தேவகி அன்று உறங்கவில்லை. கயல்விழிதான் அந்த மகிழ்ச்சியையும் கலைத்தாள். எல்லா வருகையும் ஒரே மணி நேரத்திற்குள், ஒரே நாட்டிலிருந்து, ஒரே பக்கத்திற்கு வந்திருந்தன. வேறு எந்தக் கட்டுரையையும் எவரும் திறக்கவில்லை. "மனிதர்கள் இப்படி வரமாட்டார்கள் அத்தை. வலைத்தளங்களை மேய்வதற்கென்றே இயந்திர நிரல்கள் உள்ளன. இது அவற்றின் வருகை" என்றாள்.

பின்னர் அவளே வேறொரு கணக்கைக் காட்டினாள். தேடுபொறியில் மக்கள் என்ன சொற்களைத் தட்டித் தேடுகிறார்கள், அப்போது தேவகியின் கட்டுரை எத்தனை முறை அவர்கள் கண்ணில் பட்டது, எத்தனை பேர் அதைத் திறந்தார்கள் என்று அது சொல்லும். அந்தக் கணக்கு அப்போது இரண்டு மூன்று நாள் பின்தங்கியே வந்தது. ஆதலால் நாள்தோறும் பார்ப்பதில் பயன் இருக்கவில்லை.

பங்குனி மாதக் கணக்கில் ஒரு வரி தேவகியின் கண்ணை நிறுத்தியது. 'வெண்பா எப்படி முடிய வேண்டும்' என்று தேடியவர்களுக்கு அவர் கட்டுரை 64 முறை காட்டப்பட்டிருந்தது. திறந்தவர் இருவர். மற்ற 62 முறையும் வாசல் வரை வந்தவர்கள் தலைப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். விடை தேடி வந்தவர்க்குத் 'தெய்விகத் திருநடனம்' என்ன சொல்லும்? தலைப்பை, 'வெண்பாவின் ஈற்றுச்சீர்: இலக்கணம்' என்று மாற்றினார். அடுத்த மாதம் ஒன்பது பேர் திறந்தனர். தாம் கற்க வேண்டியதைக் கற்றுவிட்டதாக அவர் எண்ணிக்கொண்டார்.

அந்த ஒன்பதின்மருள் ஒருவர் மடல் எழுதினார். இராசபாளையத்தில் தையல் தொழில் செய்பவர்.

'மதிப்பிற்குரிய அம்மா, தங்கள் கட்டுரையை நான்கு முறை படித்தேன். வெண்பா, நாள், மலர், காசு, பிறப்பு இவற்றுள் ஒன்றால் முடியும் என்று எழுதியிருந்தீர்கள். நான் எழுதிய மூன்று வெண்பாக்களையும் அதன்படியே திருத்திவிட்டேன். முதற்பாட்டு, மழை என்று முடிந்திருந்தது. இப்போது மலர் என்று மாற்றியிருக்கிறேன். பொருள் கொஞ்சம் இடிக்கிறது. இது சரிதானா அம்மா?'

தேவகிக்கு முதலில் சிரிப்பு வந்தது. மூன்று பாட்டும் 'மலர்' என்றே முடிந்திருந்தன. கோடை முழுதும் காத்திருந்த கரிசல் மண்ணுக்கு இறுதியில் மலர் வந்து சேர்ந்திருந்தது. மீண்டும் படித்தபோது சிரிப்பு அடங்கியது. 'மழை' நிரையசை. 'மலர்' என்னும் வாய்பாட்டுக்கு முற்றும் பொருந்துவது. அந்த மனிதர் தம் செவியை நம்பிச் சரியாகவே முடித்திருந்தார். சரியாக இருந்த பாட்டைக் கெடுத்தது தேவகியின் கட்டுரை.

கட்டுரையை எடுத்து, முதன்முறையாகத் தையற்காரரின் கண்ணால் படித்தார். 'ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடியும்.' பிழையில்லாத தொடர். ஆனால் வாய்பாடு என்பது சொல்லன்று, ஓசையை அளக்கும் அச்சு என்று கட்டுரையில் எங்குமே சொல்லப்படவில்லை. வகுப்பில் அவர் அதைச் சொல்ல மறந்ததே இல்லை. பின்வரிசை மாணவன் ஒருவன் விழித்தால், உடனே கரும்பலகையில் எழுதிக்காட்டுவார். எழுத்தில் அந்த விழித்த முகம் தெரியவில்லை. தெரிந்தவர் பாராட்டுவதற்கென எழுதிய கட்டுரையில், தெரியாதவருக்கு இடமே இல்லாமற் போயிற்று.

அன்றிரவு கட்டுரையைப் புதிதாக எழுதினார். 'வெண்பாவின் கடைசிச் சொல் எப்படி இருக்க வேண்டும்?' என்பது தலைப்பு. புகழுரை ஆறு பத்திகளை நீக்கினார். முதல் வரியிலேயே விடையை வைத்தார்:

'நாள், மலர், காசு, பிறப்பு என்னும் இந்நான்கு சொற்களையே எழுத வேண்டும் என்பதில்லை. இவற்றின் ஓசை அளவில் எந்தச் சொல்லும் வரலாம். நாள் என்ற அளவில் தேன், கண். மலர் என்ற அளவில் மழை, கடல். காசு என்ற அளவில் வீடு, ஆறு. பிறப்பு என்ற அளவில் விளக்கு, கிழக்கு.'

எழுதியதை எதிர்வீட்டுப் பத்தாம் வகுப்பு மாணவியிடம் கொடுத்து, "நீயாக ஒரு சொல் சொல்லம்மா" என்றார். அவள் சற்று எண்ணி, "சிறகு… பிறப்பு அளவு. சரியா டீச்சர்?" என்றாள். அதன்பிறகே கட்டுரையை வெளியிட்டார்.

தையற்காரருக்குத் தனியே மடல் எழுதினார். 'ஐயா, தங்கள் பாட்டில் பிழையில்லை. பிழை என் கட்டுரையில் இருந்தது, திருத்திவிட்டேன். மழையைத் திரும்ப வையுங்கள்.'

நான்கு நாள் கழித்து விடை வந்தது. மடலில் வேறு செய்தி ஒன்றும் இல்லை. வெண்பா மட்டும் இருந்தது. அதன் கடைசிச் சீர், 'மழை'.

அன்றைய வருகைக் கணக்கு 7. தேவகி அதைப் பார்த்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான். எழுவருள் ஒருவரை அவருக்குத் தெரியும். மற்ற அறுவரும் எந்த இடத்தில் விழித்திருப்பார்கள் என்று எண்ணியவாறே, தளை பற்றிய பழைய கட்டுரையைத் திருத்துவதற்காகத் திறந்தார்.