அறுபது வயதில் மாதம் எவ்வளவு வேண்டும்? இன்றைய செலவிலிருந்து கணக்குப் போடுவோம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டிப் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டோம். வயசான காலத்தில் மாசம் எவ்வளவு இருந்தால் போதும்? பாதிப் பேருக்கு மேல் “ஐயாயிரம் இருந்தா ராஜா மாதிரி இருக்கலாம்” என்றார்கள். இன்றைக்கு அறுபது வயசு ஆனவங்களுக்கு அது ஓரளவு சரியான பதில்தான். ஆனால் பதில் சொன்னவர்களில் பெரும்பாலோருக்கு நாற்பது வயசுகூட ஆகவில்லை. அவர்கள் செலவு செய்யப்போவது இன்றைய கடைவீதியில் அல்ல, இருபது, இருபத்தைந்து வருஷம் கழித்து இருக்கும் கடைவீதியில். இன்றைய செலவை அந்த வருஷத்துக்குக் கொண்டுபோவது எப்படி என்று இன்று பார்ப்போம்.

நமக்குத் தெரிந்த டீயிலிருந்து ஆரம்பிப்போம். 2005ஆம் வருஷத்து நோட்டு வைத்திருக்கிற குழு ஒன்றில், கூட்டத்துக்கு வாங்கிய டீ ஒன்றுக்கு 3 ரூபாய் என்று எழுதியிருக்கிறது. அதே கடையில் 2025இல் 12 ரூபாய். இருபது வருஷத்தில் நாலு மடங்கு. அதாவது பத்து வருஷத்தில் 3 ரூபாய் 6 ஆனது, அடுத்த பத்து வருஷத்தில் 6 ரூபாய் 12 ஆனது.

எத்தனை வருஷத்தில் விலை இரட்டிப்பாகும் என்று பார்க்க ஒரு சுருக்கு வழி உண்டு. 72ஐ வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஏறுகிறதோ அதால் வகுக்க வேண்டும். 6 சதவீதம் என்றால் 12 வருஷத்தில் இரட்டிப்பு. 9 சதவீதம் என்றால் 8 வருஷத்தில். திருப்பியும் போடலாம்: டீ பத்து வருஷத்தில் இரட்டித்ததால், அது வருஷத்துக்கு 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது. உங்கள் பழைய நோட்டில் இருக்கிற எந்தப் பொருளுக்கும் இப்படிப் பார்க்கலாம். டவுன் பஸ் டிக்கெட்டை மட்டும் எடுக்க வேண்டாம். 2021இல் நமக்கு அது இலவசமானதால் கணக்கு சிரிப்பாகிவிடும்.

விலை ஏற்றத்தை 4 சதவீதத்தில் வைத்திருக்க வேண்டும், 6க்கு மேல் போகக் கூடாது என்பது ரிசர்வ் வங்கிக்கு 2016இல் வைத்த இலக்கு. நாம் கொஞ்சம் எச்சரிக்கையாக 6 என்றே எடுத்துக்கொள்வோம். மருத்துவச் செலவு மட்டும் மற்றதைவிட வேகமாக ஏறுகிறது என்பது எல்லோருக்கும் அனுபவம். அதற்கு 9 என்று வைப்போம்.

இப்போது ஒரு சகோதரியின் கணக்கைப் பலகையில் எழுதுவோம். அவருக்கு 36 வயசு, தையல் வேலை செய்கிறார். கணவர், இரண்டு பிள்ளைகள், சொந்த வீடு. மாசம் 14,500 ரூபாய் செலவு. இந்தத் தொகையை அப்படியே எடுத்தால் தப்பு. அதில் பிள்ளைகள் படிப்புக்கு 2,500, குழுக் கடன் தவணை 2,500. அறுபது வயசில் இந்த இரண்டும் இருக்காது, இருக்கவும் கூடாது. மளிகை, காய், பால் நாலு பேருக்கு 5,500 ஆகிறது. இரண்டு பேருக்கு 3,200 போதும் என்றார். பாதியாகாதா என்று ஒருத்தர் கேட்டார். ஆகாது, அடுப்பு ஒன்றுதானே. கேஸ், கரண்ட், போன் 1,000 அப்படியே நிற்கும். வண்டி பெட்ரோல் குறையும். துணிமணி, பஸ், வீட்டுச் சில்லறை ரிப்பேர் எல்லாம் சேர்த்து 800 என்று வைத்தோம். மொய், பண்டிகை 1,000. வயசானால் மொய் குறையும் என்று நினைத்தோம். “பேரன் பேத்தி விசேஷம் எல்லாம் அப்பத்தான் வரும்” என்று பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா சொன்னதும், 1,000 அப்படியே நின்றது. ஆக மொத்தம் 6,000.

மருத்துவத்துக்கு இன்று அவர்கள் வீட்டில் 500 ஆகிறது. ஆனால் அது 36 வயசுக்காரர் செலவு. அறுபது வயசுச் செலவு தெரிய வேண்டுமானால் மாமியாரிடம்தான் கேட்க வேண்டும். அவருக்கும் மாமனாருக்கும் சர்க்கரை, பிரஷர் மாத்திரை, பரிசோதனை, போக வர ஆட்டோ சேர்த்து மாசம் 1,000 ஆகிறதாம். அதை எழுதினோம். மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் சும்மா கிடைக்கிறதே என்று கேட்டார்கள். நீங்கள் அங்கே போய் வாங்குகிறவராக இருந்தால் ஆட்டோ செலவை மட்டும் எழுதுங்கள். கடையில் வாங்கிக்கொண்டு, கணக்கில் மட்டும் ஆஸ்பத்திரி என்று எழுத வேண்டாம்.

அவருக்கு அறுபது ஆக 24 வருஷம் இருக்கிறது. 6 சதவீதத்தில் 12 வருஷத்துக்கு ஒரு இரட்டிப்பு என்றால், 24 வருஷத்தில் இரண்டு இரட்டிப்பு. 6,000 என்பது 48 வயசில் 12,000, அறுபதில் 24,000. மருத்துவம் 8 வருஷத்துக்கு ஒரு இரட்டிப்பு என்றால் மூன்று இரட்டிப்பு. 1,000 என்பது 2,000, 4,000, கடைசியில் 8,000. இரண்டும் சேர்ந்து மாசம் 32,000.

இந்த இடத்தில் நம் கணக்காளர் பெண் ஒருத்தர் எழுந்து, 24,000 வராது, 14,640தான் வருகிறது என்றார். 6,000க்கு 6 சதவீதம் 360, அதை 24 வருஷத்துக்குப் பெருக்கிக் கூட்டியிருக்கிறார். குழுக் கடனுக்கு வட்டி போட்டுப் பழகிய கை அது, அதனால் அப்படித்தான் வரும். ஆனால் கடனில் அசல் குறைந்துகொண்டே போகும். விலையில் ஒவ்வொரு வருஷமும் ஏறியதே அடுத்த வருஷத்துக்கு அசலாகிவிடும். விலை ஏறுவது வட்டிக்கு வட்டி மாதிரி.

12ஆல் சரியாக வகுபடாத வருஷம் வந்தால், 6 வருஷத்துக்கு 1.4 மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 42 வயசுக்காரருக்கு 18 வருஷம்: ஒரு இரட்டிப்பு, அதன்மேல் 1.4. ஆக 2.8 மடங்கு.

32,000 என்றதும் அந்தச் சகோதரி முகம் வாடிவிட்டது. இது செலவுப் பக்கம் மட்டும்தான். வரவையும் அதே வருஷத்துக்குக் கொண்டுபோகவேண்டும். இங்கேதான் கவனமாக இருக்கவேண்டும், ஏனென்றால் சில வரவு விலையோடு சேர்ந்து ஏறும், சில வரவு போட்ட இடத்திலேயே நிற்கும். அவர் வீட்டு முன்பக்கம் ஒரு சின்னக் கடையை வாடகைக்கு விட்டிருக்கிறார், மாசம் 2,000. வாடகை விலையோடு ஏறுகிற வரவு, அதனால் அதையும் நாலால் பெருக்கி 8,000 என்று எழுதலாம். அவர் அடல் பென்ஷன் திட்டத்திலும் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்திருக்கிறார். 2015இல் வந்த திட்டம், 18லிருந்து 40 வயசு வரை சேரலாம், வருமான வரி கட்டுகிறவர்கள் சேர முடியாது. அறுபதில் அந்த 5,000 வரும். ஆனால் அதை நாலால் பெருக்கக் கூடாது. இன்றைய விலைக்கு அது 1,250 ரூபாய்தான். எழுபத்திரண்டு வயசிலும் அதே 5,000தான் வரும், அப்போது வலு இன்னும் பாதி.

நிற்கிற தொகை என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர் முதியோர் உதவித்தொகையே சாட்சி. 2011இல் அது 1,000 ரூபாய் ஆனது. 2023இல் 1,200 ஆனது. இடையில் 12 வருஷம். 6 சதவீதக் கணக்கில் அதே வலுவோடு இருக்க 2,000 ஆகியிருக்கவேண்டும்.

ஆகவே பென்ஷன் 5,000ஐ, இருபது வருஷத்துக்கும் சேர்த்துப் பார்த்து, 3,000 என்று மட்டும் எழுதினோம். 32,000இல் வாடகை 8,000, பென்ஷன் 3,000 போக மீதி 21,000. வருஷத்துக்கு 2,52,000. எண்பது வயசு வரை இருபது வருஷத்துக்கு 50,40,000 ரூபாய். அதற்கு மேலும் நம் வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள், அந்தப் பயம் உள்ளவர்கள் 25ஆல் பெருக்கட்டும்.

அறுபதுக்குப் பிறகும் விலை ஏறுமே, வெறும் இருபதால் பெருக்கினால் போதுமா? நியாயமான கேள்வி. அந்தப் பணம் வருஷத்துக்கு 6 சதவீத வட்டி வரும் இடத்தில் இருந்தால், விலை ஏறுவதை வட்டி ஈடுகட்டிவிடும், இருபதால் பெருக்கியது போதும். பீரோவில் வைத்திருந்தாலோ, வட்டியை எடுத்து விசேஷத்துக்குச் செலவு செய்தாலோ, இருபது வருஷம் வராது. வட்டியே இல்லாமல் போட்டுப் பார்த்தோம், பதின்மூன்றரை வருஷத்தில், எழுபத்துமூன்று வயசு தாண்டியதும் பணம் தீர்ந்துவிடுகிறது. மருத்துவம் 9 சதவீதத்தில் ஏறுவதால் அந்தப் பங்கில் கொஞ்சம் துண்டு விழும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

ஐம்பது லட்சம் என்பது நமக்கு லாட்டரிச் சீட்டில் பார்த்த எண் மாதிரி இருக்கும். அதை மறுபடி இன்றைய ரூபாய்க்குக் கொண்டுவருவோம். நாலால் வகுத்தால் 12,60,000. சேமிப்புக்கும் 6 சதவீதம் கிடைக்கிறது என்று வைத்தால், 24 வருஷம், 288 மாசம். 12,60,000ஐ 288ஆல் வகுத்தால் மாசம் 4,375. இந்த வருஷம் 4,375, அடுத்த வருஷம் அதில் 6 சதவீதம் கூட்டி 4,640 என்று ஏற்றிக்கொண்டே போகவேண்டும். 24 வருஷமும் 4,375 என்றே நின்றுவிட்டால் ஐம்பது லட்சம் சேராது.

இப்போது அவர் சேமிப்பது குழுவில் மாசம் 300. குழுக் கடன் இன்னும் 14 மாசத்தில் முடிகிறது. அந்தத் தவணை 2,500 அப்போது கையில் மிஞ்சும். “மீதிக்கு என்ன செய்ய?” என்றார். அறுபதில் நிறுத்தாமல் அறுபத்தைந்து வரை தையலும் வாடகையும் வீட்டுச் செலவைத் தாங்கினால் என்ன ஆகும் என்று அதே பலகையில் போட்டோம். இன்றைய ரூபாயில் மாசத் தேவை 21,000இல் கால் பங்கு, 5,250. இருபது வருஷத்துக்குப் பதில் பதினைந்து வருஷத்துக்கு என்றால் 9,45,000. சேமிக்கக் கிடைப்பது 24 அல்ல, 29 வருஷம், 348 மாசம். மாசத்துக்கு 2,716 வருகிறது. தவணை 2,500, குழுச் சேமிப்பு 300, இரண்டும் சேர்ந்தால் 2,800 என்று அவரே கூட்டிச் சொன்னார். அறுபத்தைந்து வயசில் ஊசியில் நூல் கோர்க்கக் கண் தெரியுமா என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார். அதற்கான கண் பரிசோதனைச் செலவை மருத்துவக் கணக்கில் சேர்த்து, நோட்டை மூடினோம்.