குச்சிக்குள் இருக்கிறதா தீ?

வரும் வழியில் பெட்டிக்கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கினேன். சிவகாசியில் தீப்பெட்டி காட்டிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான், பொறுத்தருள்க.

இதற்குள் தீ எங்கே இருக்கிறது? விறகுக்குள் மறைந்திருக்கும் தீ என்று இறைவனைச் சொன்னார் அப்பர். கடைந்தால் வெளிப்படும், இல்லாததொன்று புதிதாகப் பிறப்பதில்லை என்பது பழைய எண்ணம். உங்கள் ஆலையில் மருந்து கலப்பவரைக் கேட்டால் வேறு பதில் வரும். குச்சி முனையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டிலும் தீ இல்லை. உரசும்போது பிறக்கிறது, அணைந்தபின் எங்கும் போய் ஒளிந்துகொள்வதில்லை. உணர்வும் மூளையில் இப்படித்தான் பிறக்கிறதா, அல்லது அது முதலிலிருந்தே உள்ளதா? இன்றைய பேச்சு இவ்வளவுதான்.

முன்பே உள்ளது என்று உறுதியாகச் சொன்னவர் நம் மாவட்டத்துக்காரர். அருப்புக்கோட்டை தாண்டித் திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமணர். 1896 ஜூலையில், மதுரையில் சிற்றப்பா வீட்டு மாடியறையில், நோய் எதுவுமில்லாமல் திடீரென்று சாவு பயம் பிடித்தது. வயது 16. பையன் யாரையும் கூப்பிடவில்லை. கைகால்களை நீட்டி விறைப்பாக வைத்துக்கொண்டு, உதடுகளை இறுக மூடி, பிணம்போலப் படுத்தான். உடம்பு செத்தது, எரித்தாயிற்று என்றே வைத்துக்கொண்டாலும் ‘நான்’ செத்ததா என்று பார்த்தான். இல்லை என்று பட்டது. ஆறு வாரத்தில் திருவண்ணாமலைக்கு ரயிலேறினான்.

இதை மூளையில்லாமல் உணர்வு இருக்கும் என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அன்று பிணமானது நினைப்பில்தான். மூளை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. அந்தப் பையன் கண்டது வேறு. உடம்பு, எண்ணம், பயம் என்று எதைப் பார்த்தாலும் பார்க்கப்படும் பொருளாகிவிடுகிறது, பார்ப்பது மட்டும் அப்படி ஆவதில்லை. உள்ளே பார்த்து அறிய வேண்டிய செய்தி அது. மூளையைப் பற்றிய செய்தி அன்று.

ரமணர் அடிக்கடி எடுத்தது ஆழ்ந்த உறக்கம். அங்கே எண்ணமில்லை, உலகமில்லை; ஆனாலும் நீ இல்லாமல் போகவில்லையே என்பார். இது பழைய வழக்கு. ‘சுகமாகத் தூங்கினேன்’ என்று எழுந்து சொல்வது நினைவு, ஆகவே அப்போதும் உணர்வு இருந்தது என்றார்கள் அத்வைதிகள். நினைவன்று, எழுந்தபின் செய்யும் ஊகம் என்றார்கள் நியாயவாதிகள். சில ஆண்டுகளுக்கு முன் எனக்குக் குடலிறக்க அறுவை நடந்தது. பத்திலிருந்து தலைகீழாக எண்ணச் சொன்னார்கள். ஏழு சொன்னது ஞாபகம். அடுத்த கணம் வேறு அறை, வெளியே இருட்டு. நடுவில் சுகமும் இல்லை, இருளும் இல்லை. அன்றுமுதல் நான் நியாயவாதிகள் பக்கம் சாய்ந்திருக்கிறேன்.

ஆனால் மயக்கமருந்து வழக்கை முடித்துவிடவில்லை. 1897-இல் ஹார்வர்டில், இதுபோலவே ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவில், உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் ஒன்று கேட்டார்: மூளை உணர்வை உண்டாக்குகிறது என்கிறீர்கள், பட்டகம் ஒளியை உண்டாக்குவதில்லை, வழிவிட்டு நிறம் பிரிக்கிறது, மூளையும் அப்படி இருந்தால்? பட்டகம் உடைந்தாலும் நிறம் போகும். ஆகவே மூளையில் அடிபட்டால் நினைவு போகிறது என்ற ஒரே சான்று இரண்டு கட்சிக்கும் பொருந்தும்.

இது நம்மவர்க்குப் புதிதல்ல. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் உண்டு, ஆனாலும் விளக்கில்லாமல் பாராது. உயிரும் கருவிகள் இல்லாமல் அறியாது என்பது சைவ சித்தாந்தம். அறுவை மேசையில் என் நிலைக்கு ரமணரின் விடையைவிட இது நன்றாகப் பொருந்துகிறது. கருவி கழன்றது, அறிவு நின்றது. குறை என்னவென்றால், எந்தச் சோதனையிலும் தோற்காதபடி இந்த விடை அமைந்திருக்கிறது.

எதிர்க்கட்சிக்கும் கையில் முழு விடை இல்லை. உணர்வுக்குரிய மூளைச் செயலை 25 ஆண்டுக்குள் தெளிவாகக் கண்டுபிடித்துவிடுவோம் என்று 1998-இல் நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் கோக் பந்தயம் கட்டினார். 2023-இல் தோற்று, தத்துவவாதி டேவிட் சால்மர்ஸுக்கு ஒயின் புட்டிகள் கொடுத்தார். தீயை விளக்க வெப்பம், ஆக்சிஜன், மருந்து ஆகியவற்றைச் சொன்னால் மிச்சம் வைக்க ஒன்றுமில்லை. வலியை விளக்க நரம்பின் ஓட்டமெல்லாம் சொன்னபின்னும், அது ஏன் வலிக்கிறது என்பது மிச்சம் நிற்கிறது என்பதே சால்மர்ஸின் வாதம். அங்கேதான் தீப்பெட்டி உவமை உடைகிறது.

அதற்காக ரமணர் வென்றார் என்று சொல்லமாட்டேன். உணர்வு ஒன்றே அடிப்படை என்றால், என் பல்வலி பக்கத்து நாற்காலிக்காரருக்கு ஏன் தெரிவதில்லை? கேட்பவன் யார் என்று பார் என்பார் அவர். பார்க்கலாம், பல் வலிப்பது எனக்கு மட்டும்தான். உயிர்கள் பல என்ற மெய்கண்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை. சடமல்லாத உயிர் சடமான நரம்பை எப்படித் தொடுகிறது என்ற வேறு தொல்லை அவர் வாசலில் நிற்கிறது.